ரீஃபண்ட் பட்டனை அழுத்தும் முன்

விமானம் ரத்து என்று குறுஞ்செய்தி வரும்போது அதன் கீழே வழக்கமாக இரண்டு இணைப்புகள் இருக்கும். ஒன்று பணத்தைத் திரும்பப் பெற, இன்னொன்று வேறு விமானத்துக்கு மாற்ற. ரத்தானது ஒரே ஒரு விமானம் என்றால் எதை அழுத்தினாலும் பெரிய நஷ்டம் இல்லை. நூற்றுக்கணக்கான விமானங்கள் ஒரே நாளில் ரத்தாகும்போது கதை வேறு. கோபத்தில் பலரும் முதலில் அழுத்துவது ரீஃபண்ட்தான். "உங்கள் விமானமே வேண்டாம், காசைக் கொடுங்கள்" என்ற மனநிலை. புரிகிறது. ஆனால் அந்த ஒரு தட்டலோடு நிறுவனத்துக்கும் நமக்கும் இருந்த கணக்கு ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. இது பலருக்கு ராத்திரி ஓட்டல் தேடும்போதுதான் உறைக்கிறது.

டிக்கெட் போட்டுக் கொடுக்கும் மேசையில் சில வருடங்கள் உட்கார்ந்திருந்தவன் என்பதால் இந்தத் தவறைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒருமுறை நானே ஒருவருக்கு அவசரப்பட்டு ரீஃபண்ட் போட்டுக் கொடுத்துவிட்டு, அரை மணி நேரம் கழித்து வருந்தியிருக்கிறேன். அதனால் பணம், மாற்று விமானம், வவுச்சர் என்ற மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். எந்தப் பணம் என்பது முக்கியமில்லை, டிக்கெட் விலை 100 என்று வைத்துக்கொள்ளலாம்.

காலை ஆறு மணிக்குச் செய்தி வருகிறது. நீங்கள் விமான நிலையத்தில் இருக்கிறீர்கள், பெட்டி ஏற்கெனவே உள்ளே போய்விட்டது. நிறுவனம் தருவதாகச் சொல்லும் அடுத்த இடம் நாளை மறுநாள். அதே ஊருக்கு இன்று மாலை வேறொரு நிறுவனத்தின் விமானம் இருக்கிறது, ஆனால் அதன் விலை இப்போது 260. எல்லோரும் ஒரே நேரத்தில் தேடுவதால் ஏறிய விலை இது, மதியத்துக்குள் இன்னும் ஏறும்.

ரீஃபண்ட் எடுத்தால் 100 வரும். அதுவும் உடனே வராது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதிப்படி 7 நாளுக்குள் தர வேண்டும். அமெரிக்காவில் 2024 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால் 7 வேலை நாள், வேறு வழியில் கட்டியிருந்தால் 20 நாள். இந்தியாவிலும் கிரெடிட் கார்டுக்கு 7 நாள்தான் கெடு. ஆக இன்று மாலை விமானத்துக்கு 260-ஐ முழுதாகக் கையிலிருந்து போட வேண்டும். 100 பிறகு வந்து சேரும், மிச்சம் 160 நம் தலையில். சட்டம் திருப்பித் தரச் சொல்வது நாம் கட்டிய விலையை. இன்றைய சந்தை விலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மொத்தமாக ரத்தாகும் நாட்களில் ரீஃபண்ட் தோற்பது இந்த இடத்தில்தான்.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. ஐரோப்பிய விதியில் பயணி பணத்தைத் தேர்ந்தெடுத்தவுடன், அவரைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் கடமையும், காத்திருக்கும் காலத்தில் சாப்பாடும் அறையும் தரும் கடமையும் நின்றுவிடும். இந்திய விதியிலும் அந்தச் சாப்பாடு மாற்று விமானத்துக்காகக் காத்திருப்பவருக்குத்தான். பணத்தை வாங்கிக்கொண்டவர் அந்த நிமிடத்திலிருந்து பயணி அல்ல, விமான நிலையத்தில் நிற்கும் ஒரு ஆள்.

சரி, அப்படியானால் ரீஃபண்ட் எப்போது நல்லது? போகும் காரணமே போய்விட்டபோது. இரண்டு மணி நேரக் கூட்டத்துக்காகப் பயணம், கூட்டம் இன்று மதியம், நாளை மறுநாள் போய் என்ன செய்வது? அல்லது ரயிலிலோ பஸ்ஸிலோ 40 செலவில் இன்றிரவே போய்ச் சேர முடியும் என்றால் யோசிக்கவே வேண்டாம், 100-ஐ வாங்கிக்கொண்டு கிளம்பலாம். பாதி வழியில் மாட்டிக்கொண்டவர்களுக்கு ஐரோப்பிய விதியில் இன்னொரு வசதியும் உண்டு. இணைப்பு விமானம் ரத்தாகி, பயணத்தின் நோக்கமே வீணானால், பறந்து முடித்த பகுதியின் காசையும் கேட்கலாம், கிளம்பிய ஊருக்குத் திரும்பும் விமானத்தையும் கேட்கலாம். இதைக் கவுன்டரில் யாரும் தானாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

இரண்டாவது வழி, மாற்று விமானம். இதற்குள்ளேயே இரண்டு வகை இருக்கிறது, அதைப் பிரித்துப் பார்க்காததுதான் பாதிப் பிரச்சினை. நிறுவனம் தன் விமானத்தில் நாளை மறுநாள் தரும் இடம் ஒரு வகை. இன்று மாலை வேறொரு நிறுவனத்தின் விமானத்தில் அவர்கள் செலவிலேயே நம்மை ஏற்றி அனுப்புவது இன்னொரு வகை. செயலியில் முதலாவது மட்டும்தான் தெரியும். இரண்டாவதைக் கேட்டால்தான் கிடைக்கும், பல சமயம் கேட்டாலும் கிடைக்காது.

ஐரோப்பிய விதி, ஒத்த வசதியோடு, முடிந்தவரை சீக்கிரம் சேருமிடத்துக்கு அனுப்ப வேண்டும் என்கிறது, சொந்த விமானத்தில்தான் என்று சொல்லவில்லை. நிறுவனம் அந்த ஏற்பாட்டைத் தரத் தவறினால் பயணியே டிக்கெட் வாங்கிக்கொண்டு விலை வித்தியாசத்தைக் கேட்கலாம் என்பது ஐரோப்பிய ஆணையத்தின் விளக்கக் குறிப்பில் இருக்கிறது. நம் கணக்கில் அந்த 160 இந்த வழியில் திரும்பி வர வாய்ப்புண்டு, ஆனால் ரீஃபண்ட் பட்டனை அழுத்தாமல் இருந்தால்தான். அழுத்திவிட்டால், "நீங்கள்தான் பணத்தைத் தேர்ந்தெடுத்தீர்களே" என்ற ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்.

இந்திய விதி வேறு மாதிரி. இரண்டு வாரத்துக்கும் குறைவாக, ஆனால் புறப்பாட்டுக்கு 24 மணி நேரம் முன்னதாகத் தகவல் சொன்னால், முதலில் குறித்த நேரத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் புறப்படும் மாற்று விமானம் அல்லது ரீஃபண்ட், எது பயணிக்கு ஏற்புடையதோ அதைத் தர வேண்டும். அமெரிக்காவில் ரீஃபண்டுக்குச் சட்டப் பலம் அதிகம், மாற்று விமானத்துக்குக் குறைவு. அங்கே உள்நாட்டுப் பயணம் 3 மணி நேரமும் வெளிநாட்டுப் பயணம் 6 மணி நேரமும் தள்ளிப்போனாலே, புது நேரத்தை ஏற்க மறுத்து முழுப் பணம் கேட்கலாம். ஆனால் வேறு நிறுவன விமானத்தில் ஏற்றுவதும் ஓட்டல் தருவதும் நிறுவனங்கள் தாங்களே கொடுத்த வாக்குறுதிகளின் பேரில் நடப்பவை, அதுவும் கோளாறு அவர்கள் பக்கம் இருந்தால். ஆக, எந்த விமான நிலையத்திலிருந்து கிளம்புகிறீர்கள் என்பதைப் பொறுத்து உங்கள் கையில் இருக்கும் உரிமை மாறுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து கிளம்பினால் எந்த நாட்டு நிறுவனமானாலும் அந்த விதி பொருந்தும். வெளியிலிருந்து உள்ளே வரும்போது ஐரோப்பிய நிறுவனமாக இருந்தால் மட்டும்.

நாளை மறுநாள் வரை காத்திருப்பதையும் எடுத்த எடுப்பில் ஒதுக்க வேண்டாம். கையிலிருந்து போகும் கூடுதல் காசு பூஜ்யம். 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் ஐரோப்பிய வான்வெளி மூடப்பட்டபோது, போர்ச்சுகலின் ஃபாரோ நகரில் ஒரு வாரம் மாட்டிக்கொண்ட ஒரு பயணி தன் அறை, சாப்பாட்டுச் செலவு சுமார் 1,130 யூரோவைக் கேட்டு வழக்குப் போட்டார். எரிமலைக்கு நாங்கள் என்ன செய்வோம் என்றது நிறுவனம். காரணம் எவ்வளவு அசாதாரணமானாலும் பயணியைப் பார்த்துக்கொள்ளும் கடமைக்கு விலக்கில்லை, பணத்துக்கோ நாளுக்கோ உச்சவரம்பும் இல்லை என்று 2013 ஜனவரியில் ஐரோப்பிய நீதிமன்றம் சொல்லிவிட்டது. கூடவே ஒரு நிபந்தனையும் வைத்தது: செலவு தேவையானதாக, நியாயமானதாக இருக்க வேண்டும். எனவே நிறுவனம் அறை தராதபோது நாமே எடுக்கும் அறை சாதாரணமானதாக இருக்கட்டும், ரசீது கண்டிப்பாக இருக்கட்டும்.

மூன்றாவது, வவுச்சர். 100-க்குப் பதில் 130-க்கான வவுச்சர் என்று மின்னஞ்சல் வரும். எண்ணைப் பார்த்தால் ஆசையாகத்தான் இருக்கும். அந்த 130-ஐ அதே நிறுவனத்தில்தான், பெரும்பாலும் ஒரு வருடத்துக்குள், அன்றைக்கு அவர்கள் வைக்கும் விலையில்தான் செலவழிக்க முடியும். பெயர் மாற்ற முடியாது என்றும் சில சமயம் இருக்கும். நிறுவனம் நொடித்துப்போனால் அது வெறும் காகிதம். அடுத்த சில மாதங்களில் அதே நிறுவனத்தில் நிச்சயமாகப் பறக்கப் போகிறவர் மட்டும் எடுக்கலாம் என்பது என் கருத்து. மற்றவர்களுக்கு 130 வவுச்சரைவிட 100 ரொக்கம் மேல்.

இதைக் கட்டாயப்படுத்தவும் முடியாது. ஐரோப்பாவில் பயணி கையெழுத்திட்டுச் சம்மதித்தால்தான் பணத்துக்குப் பதில் வவுச்சர் செல்லும். இந்தியாவில் ரீஃபண்டைக் கிரெடிட் ஷெல்லில், அதாவது அடுத்த பயணத்துக்கான இருப்பாக நிறுவனத்திடமே, வைப்பது பயணியின் விருப்பம், நிறுவனம் அதைத் தானாகச் செய்யக் கூடாது. ஆனால் மின்னஞ்சலை நிதானமாகப் படியுங்கள். 2025 டிசம்பரில் விமானங்கள் மொத்தமாக ரத்தானபோது, மிகவும் பாதிக்கப்பட்ட பயணிகளுக்கு இண்டிகோ 10,000 ரூபாய் வவுச்சர் அறிவித்தது ரீஃபண்டுக்கு மேலதிகமாக. அந்த மாதிரி வந்தால் வாங்கிக்கொள்வதில் நஷ்டம் ஒன்றுமில்லை. "கூடுதலாக" என்று இருக்கிறதா, "பதிலாக" என்று இருக்கிறதா என்பதைத்தான் தேட வேண்டும்.

நிறுவனத்தின் அறிக்கையை எதற்காகப் படிக்க வேண்டும்

இதற்குள் சமூக ஊடகத்தில் நிறுவனத்தின் அறிக்கை வந்திருக்கும். வருத்தம், பாதுகாப்பே முதன்மை, நிலைமை சீராகி வருகிறது. இந்த வரிகளைத் தாண்டி அதில் இரண்டு விஷயங்களைத்தான் பார்க்க வேண்டும்.

ஒன்று, சொல்லப்படும் காரணம். இது ரீஃபண்டைப் பாதிக்காது, பனியோ பணியாளர் பற்றாக்குறையோ, பறக்காத விமானத்துக்குப் பணம் திரும்ப வேண்டும். காரணம் பாதிப்பது முக்கியமாக நஷ்ட ஈட்டை. ஐரோப்பாவில் தூரத்தைப் பொறுத்து 250, 400 அல்லது 600 யூரோ. இந்தியாவில் பறக்கும் நேரத்தைப் பொறுத்து 5,000, 7,500 அல்லது 10,000 ரூபாய், ஆனால் ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்து அதைவிடக் குறைவாக இருந்தால் அந்தக் குறைந்த தொகைதான். இரண்டு இடத்திலும் காரணம் அசாதாரணச் சூழ்நிலை என்றால் நஷ்ட ஈடு இல்லை. அமெரிக்காவில் இப்படி ஒரு தொகையே விதியில் கிடையாது.

அதனால்தான் அறிக்கைகளில் காரணங்கள் கொத்தாக வருகின்றன. 2025 டிசம்பர் இண்டிகோ அறிக்கை, எதிர்பாராத செயல்பாட்டுச் சவால்கள் என்று தொடங்கி, சிறு தொழில்நுட்பக் கோளாறு, குளிர்கால அட்டவணை மாற்றம், மோசமான வானிலை, வான்வழி நெரிசல், விமானிகளின் பணி நேர விதி என்று ஐந்தை ஒரே மூச்சில் அடுக்கியது. இவற்றில் வானிலை ஒன்றுதான் யார் கையிலும் இல்லாதது என்று உடனே ஒப்புக்கொள்ளலாம். குளிர்காலம் வருவது யாருக்கும் எதிர்பாராதது அல்ல. பணி நேர விதியின் இரண்டாம் கட்டம் நவம்பர் 1 அன்றே நடைமுறைக்கு வந்துவிட்டது, விதியோ 2024-லேயே அறிவிக்கப்பட்டது. ஐரோப்பாவில் இதற்கு நெருக்கமான ஒரு வழக்கு இருக்கிறது. 2016-ல் ஜெர்மனியின் டியூஐஃப்ளை நிறுவனத்தில், மறுசீரமைப்பு அறிவிப்புக்குப் பின் ஊழியர்கள் கூட்டமாக உடல்நிலை சரியில்லை என்று விடுப்பு எடுத்து விமானங்கள் நின்றன. அது நிறுவனத்தின் சொந்த முடிவிலிருந்து கிளம்பியது, அசாதாரணம் அல்ல என்று 2018-ல் நீதிமன்றம் சொன்னது. எனவே அறிக்கையில் ஐந்து காரணம் இருந்தால், உங்கள் விமானம் அதில் எந்தக் காரணத்தால் ரத்தானது என்று எழுத்தில் கேளுங்கள். பொது அறிக்கை அதற்குப் பதில் ஆகாது.

இரண்டாவது, "குறிப்பிட்ட தேதிகளுக்குள் பயணத்தை ரத்து செய்தால் கட்டணம் இல்லை" என்ற வரி. இதில் ஒரு பொறி இருக்கிறது. ரத்து செய்வது யார்? உங்கள் விமானம் இன்னும் பட்டியலில் இருக்கும்போது நீங்களே ரத்து செய்தால், அது உங்கள் ரத்து. நிறுவனத்தின் சலுகைப்படி பணம் வரலாம், ஆனால் மாற்று விமானம், சாப்பாடு, நஷ்ட ஈடு எதற்கும் பிடிமானம் இல்லை. எப்படியும் போகப்போவதில்லை என்று முடிவெடுத்தவர் சலுகையைப் பயன்படுத்திக்கொள்ளலாம். போயாக வேண்டியவர், அவர்கள் ரத்து என்று சொல்லும் வரை கையைக் கட்டிக்கொண்டிருப்பதே மேல். இரண்டு மூன்று மணி நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டியிருக்கும், வேறு வழியில்லை.

நிலையத்தில் நிற்கும் நீங்கள் என்ன செய்யலாம்

முதலில் பெட்டி. செக்-இன் ஆன பெட்டி கையில் வராமல் மாலை விமானத்துக்கு 260 கொடுப்பது வீண் வேலை, ஏனென்றால் அது பழைய நிறுவனத்தின் கிடங்கில் கிடக்கும். அமெரிக்காவில் 2022 டிசம்பரில் சவுத்வெஸ்ட் சுமார் 16,900 விமானங்களை ரத்து செய்தபோது விமான நிலையங்களில் பெட்டிகள் மலைபோல் குவிந்து கிடந்தன. அந்த நிறுவனத்துக்கு ஒரு வருடம் கழித்து 14 கோடி டாலர் அபராதம் விழுந்தது வேறு கதை. எனவே பெட்டிச் சீட்டைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, பெட்டி எப்போது, எந்த இடத்தில் கிடைக்கும் என்று கேட்பது முதல் வேலை.

வரிசையில் நின்றுகொண்டே மாலை விமானத்தின் எண்ணையும் அதில் இடம் இருப்பதையும் திரையில் படம் பிடிக்க வேண்டும். கவுன்டரில் "வேறு ஏதாவது விமானம் இருக்கிறதா" என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். எண்ணைச் சொல்லிக் கேட்டால் அவர்கள் பார்த்தாக வேண்டும். மறுத்தால் அதே நேரத்தில் செயலியின் அரட்டையிலோ மின்னஞ்சலிலோ இப்படி நாலு வரி:

"என் பி.என்.ஆர். எண் இது. இன்றைய என் விமானத்தை நீங்கள் ரத்து செய்துவிட்டீர்கள். நான் ரீஃபண்ட் கேட்கவில்லை, சேருமிடத்துக்கு மாற்று விமானம் கேட்கிறேன். இன்று மாலை இந்த எண்ணுள்ள விமானத்தில் இடம் இருக்கிறது, அதில் ஏற்பாடு செய்யுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் பதில் இல்லையென்றால் நானே டிக்கெட் வாங்கிக்கொண்டு விலை வித்தியாசத்தைக் கேட்பேன். ரத்துக்கான காரணத்தையும் எழுத்தில் தரவும்."

ஐரோப்பிய விதி பொருந்தும் பயணம் என்றால், இந்த நாலு வரிக்குப் பின் 260 கொடுத்து வாங்குவது துணிந்து செய்யக்கூடியது. மற்ற இடங்களில் அந்த 160 திரும்பாது என்று நினைத்துக்கொண்டே முடிவெடுங்கள்: இரண்டு நாள் தாமதத்தால் உங்களுக்கு ஆகும் நஷ்டம், அதாவது போகுமிடத்தில் முன்பதிவு செய்த அறை, இழக்கும் சம்பளம் எல்லாம் சேர்ந்து, 160-ஐத் தாண்டுகிறதா? தாண்டினால் வாங்குங்கள். தாண்டாவிட்டால் நாளை மறுநாள் இடத்தை எழுத்தில் உறுதி செய்துகொண்டு, சாப்பாட்டுக் கூப்பனைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

போக வர ஒரே டிக்கெட்டாக எடுத்தவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. போகும் விமானத்தில் ஏறவில்லை என்று கணினி பதிந்துகொண்டால் திரும்பும் விமானமும் தானாக அழிந்துவிடலாம். வேறு நிறுவனத்தில் போவதாக இருந்தால், திரும்பும் பகுதி அப்படியே இருக்கிறது என்பதைக் கவுன்டரை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே பி.என்.ஆரில் திறந்து பாருங்கள்.

ஏஜென்ட் மூலம் எடுத்திருந்தால் இன்னொரு சிக்கல். முன்பதிவில் உங்கள் எண்ணுக்குப் பதில் ஏஜென்ட்டின் எண் இருந்தால் ரத்துச் செய்தி அவருக்குத்தான் போகும். இந்திய விதிப்படி, சரியான தொடர்பு விவரம் தராத பயணிக்கு நஷ்ட ஈடு கிடையாது. நாங்கள் மேசையில் அவசரத்துக்கு எங்கள் எண்ணையே போட்டுவிடுவோம், அது தப்பு என்று இப்போது தெரிகிறது. ரீஃபண்டும் பல சமயம் ஏஜென்ட் கணக்குக்கே போகும். இந்தியாவில் அதைத் தரும் பொறுப்பு விமான நிறுவனத்துடையது. அமெரிக்காவில் உங்கள் கார்டு கணக்கில் யார் பெயரில் பணம் பிடிக்கப்பட்டதோ அவர் தர வேண்டும்.

பணம் வந்ததும் தொகையை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். தனியாகக் கட்டிய இருக்கைத் தேர்வு, கூடுதல் பெட்டி, சாப்பாடு ஆகியவை பெரும்பாலும் வேறு வரியாக இருக்கும், விட்டுப்போவதும் இவைதான். பழைய ரசீதை எடுத்து வரி வரியாக ஒப்பிட்டு, குறைந்தால் அதே மின்னஞ்சல் இழையில் பதில் எழுதுங்கள். புது புகாராகப் போட்டால் முதல் நாளிலிருந்து எண்ண ஆரம்பிப்பார்கள்.